120 கிலோவும் ஒன்பது வீட்டுப் பார்சலும்

பாரிசில் அண்ணாவின் மகளுக்கு ஆகஸ்ட்டில் சாமத்தியவீடு. நான், மனைவி, பதினொரு வயது மகள், அம்மா ஆக நாலு பேர் கிளிநொச்சியிலிருந்து போகிறோம் என்று முடிவானது. விசா கிடைத்த செய்தியை அம்மா கோயிலில் இரண்டு பேரிடம்தான் சொன்னார். மூன்றாம் நாள் முதலாவது பார்சல் எங்கள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

வன்னியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எந்த வீட்டை எடுத்தாலும் பாரிஸ், சுவிஸ், லண்டன், கனடா என்று எங்கோ ஒருவர் இருப்பார். ஒரு குடும்பம் வெளிக்கிடுகிறது என்றால் அந்தக் குறிச்சி முழுவதும் தன் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுத்துவிடப் பார்க்கும். "சின்னப் பார்சல்தான் தம்பி, ஒரு மூலைக்குள்ள வைச்சால் சரி." மூலைகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. கிலோதான் இல்லை.

எங்கள் ரிக்கெற்றில் ஆளுக்கு 30 கிலோ கீழே போடலாம், கைப்பையாக 7 கிலோ கொண்டுபோகலாம் என்று இருந்தது. நாலு பேருக்கு 120 கிலோ. கேட்கும்போது ஒரு சின்ன லொறி லோட் மாதிரித் தெரியும். அதை நம்பித்தான் அம்மா பத்துக் கிலோ மொட்டைக்கறுப்பன் அரிசி என்று தொடங்கினார். நான் பழைய கொப்பியொன்றை எடுத்து வரவு செலவு எழுதுவது போல எழுதிப் பார்த்தேன்.

முதல் செலவு பெட்டியே. பெரிய சில்லுப் பெட்டியொன்று வெறுமையாகவே நாலரைக் கிலோ வந்தது. மூன்று சூட்கேசும் ஒரு கார்ட்போட் பெட்டியும் என்றால் கிட்டத்தட்ட 15 கிலோ. மூன்று கிழமைக்கு நாலு பேரின் உடுப்பு, சப்பாத்து, குளிருக்கு ஒன்றிரண்டு என்று 34. அண்ணி கேட்ட சாறிகள், பிள்ளைக்குப் பாவாடை தாவணி, சடங்குக்கான சாமான்கள், மச்சான்மாருக்கு வேட்டி எல்லாம் சேர்ந்து 14. பட்டுச் சாறி கையில் தூக்கினால் ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் ஒரு சாறி முக்கால் கிலோவரை வரும், எட்டு அடுக்கினால் அது ஒரு நெல் மூட்டை போலக் கனக்கும். தராசுப் பிழைக்கென்று பெட்டிக்கு ஒரு கிலோ விட்டுவைத்தேன், அது 4. மொத்தம் 67. ஆக, சாப்பாட்டுச் சாமானுக்கும் குசினிச் சாமானுக்கும் ஊராரின் பார்சலுக்கும் சேர்த்து மிச்சம் 53 கிலோ.

எங்களுடைய ஆசைப் பட்டியலோ ஊராரின் பார்சலும் சேர்த்து 70 கிலோ. அரிசி 10, வறுத்த அரிசிமா 5, தூள் 6, ஒடியல்மா 2, கருவாடு 6, பலகாரம் 8, தேன் 4, நல்லெண்ணெய் 3, திருவலையும் புட்டுச் சாமானும் 4. இதெல்லாம் 48, ஒன்பது வீட்டுப் பார்சல் 22 கிலோ. அதாவது 17 கிலோ எங்காவது வெட்டவேண்டும்.

எதை வெட்டுவது என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது. நான் அண்ணாவுக்குப் போன் அடித்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அரிசி லாச்சப்பல்லிலே எல்லாக் கடையிலும் கிடக்குதடா, சிவப்பு அரிசிமாவும் கிடக்கு. காசு குடுத்து ரிக்கெற் எடுத்து அரிசி கொண்டு வரப்போறியளோ?" என்றார். பாரிசில் தமிழ்க்கடைகள் ஒன்றுக்கொன்று முதுகு தட்டிக்கொண்டு நிற்கும் இடம் லாச்சப்பல். முருங்கைக்காய் முதல் பனங்கட்டி வரை அங்கே வாங்கலாம். அரிசியும் மாவும் அந்த இடத்திலேயே போயின, 15 கிலோ குறைந்தது. அம்மா இரண்டு நாள் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். மொட்டைக்கறுப்பனில் ஒரு கிலோவாவது என்று கேட்டதற்கு நான் இல்லை என்று சொன்னது இன்னும் அவர் கணக்கில் இருக்கிறது.

அதே அழைப்பில் நான் கேட்ட இரண்டாவது கேள்விதான் பயன்பட்டது. "அங்கே கிடைக்காதது என்ன?" அண்ணி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு நீத்துப்பெட்டி என்றார். பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் அவித்த புட்டுக்கும் அலுமினியச் சட்டியில் அவித்ததற்கும் வித்தியாசம் உண்டாம். நீத்துப்பெட்டி நூறு கிராம்கூட வராது. ஆனால் பெட்டிக்குள் இடத்தைப் பிடிக்கும், அமுங்கினால் வாய் கோணிப்போகும். ஆறு நீத்துப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உள்ளே மகளின் காலுறைகளையும் உள்ளுடுப்புகளையும் நிரப்பி, சூட்கேசின் நடுவில் வைத்தோம். ஒன்றுகூடச் சிதையவில்லை. இன்றைக்கும் கேட்டால், கொண்டுபோனதிலேயே கிலோவுக்கு அதிக சந்தோஷம் தந்தது அதுதான் என்பேன். சுளகு கேட்டதற்கு மட்டும் முடியாது என்றேன். அது எந்தச் சூட்கேசுக்குள்ளும் போகாது.

கிலோக் கணக்கு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. ஒரு சாமான் மூன்று படலை தாண்டவேண்டும். ஒன்று தராசு. இரண்டாவது விமானம், அதாவது பறக்கும்போது ஆபத்தானதா என்ற கேள்வி. மூன்றாவது போய் இறங்கும் நாடு. ஒன்று தாண்டியது மற்றதைத் தாண்டும் என்று இல்லை. அதற்கு நல்ல உதாரணம் தேங்காய்.

எங்கள் வீதி முனையில் இருக்கும் மாமா தன் மகளுக்கென்று ஒரு பை கொப்பரா கொண்டுவந்தார். நன்றாகக் காய்ந்து, வெட்டிய பக்கம் மினுங்கிக்கொண்டிருந்தது. முழுத் தேங்காய் என்றால் பிரான்சுக்குள் போகத் தடையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாவர நோய்ச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், டூரியன், பேரீச்சம்பழம். ஆனால் கொப்பரா இரண்டாவது படலையில் மாட்டும். காய்ந்த தேங்காயில் எண்ணெய் அதிகம், குவியலாக மூடிக்கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்புள்ளது. ஆபத்தான சாமான்களின் சர்வதேசப் பட்டியலில் அதற்கென்று ஒரு இலக்கமே உண்டு, 1363. பல விமானங்களில் கீழே போடும் பெட்டியில் அதை விடமாட்டார்கள். மாமாவுக்கு இதைச் சொன்னபோது, "எங்கட அடுப்பில விறகு பிடிக்கிறதே பெரும்பாடு, இது தானா எரியுமாமோ" என்று சிரித்தார். பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

மாம்பழம் நேர்மாறு. விமானத்தில் ஏற்றலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த ஐந்தில் அது இல்லை. 2019 டிசம்பர் 14 முதல் புதுப் பழம், காய்கறி, கீரை, வெட்டிய பூ, விதை எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும், பயணியின் பையில் இருப்பதற்கும் சேர்த்து. கறுத்தக்கொழும்பானும் போச்சு, கறிவேப்பிலையும் போச்சு. அண்ணி பல்கனித் தொட்டிக்கென்று கேட்ட கத்தரி விதையும் பயிற்றை விதையும் போச்சு. அண்ணாவுக்குப் பாலைப்பழம் என்றால் உயிர். பதினைந்து வருஷமாக அவர் வாயில் பாலைப்பழம் படவில்லை. நாங்கள் போகிற நேரம் காட்டில் பழம் இருந்தது. அதைப் பற்றி நான் போனில் வாயே திறக்கவில்லை.

கறிவேப்பிலைக்கு ஒரு வழி இருந்தது. மனைவி அதை நிழலில் காயவைத்து வறுத்து, தூளுக்குள்ளேயே போட்டு மில்லில் அரைப்பித்துவிட்டார். புழுக்கொடியல், ஒடியல்மா, பனாட்டு மாதிரிக் காய்ந்து பக்குவப்பட்டவையும் பச்சைப் பழம் காய்கறிக் கணக்கில் வராது.

மிருகப் பொருட்களில்தான் சனம் அதிகமாகப் பிழை விடுகிறது. இறைச்சியும் பாலும் அதிலிருந்து செய்தவையும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிற பயணியின் பையில் இருக்கக்கூடாது. காய்ந்ததோ சமைத்ததோ என்ற பேச்சில்லை. நெய்யும் பாலிலிருந்து வந்ததுதான். ஆனால் மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள், கருவாடும் காய்ந்த இறாலும் அதற்குள் அடங்கும். தேனுக்கு ஆளுக்கு 2 கிலோ. ஆகவே கட்டாக் கருவாட்டுக்கு வழி திறந்திருந்தது, இறைச்சி வத்தலுக்கு மூடியிருந்தது. இரண்டுமே ஒரே கொடியில் காய்கிற ஊரில் இதை விளங்கப்படுத்துவது லேசில்லை.

கருவாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் அதில் ஒருமுறை தோற்றுத்தான் படித்தேன். முல்லைத்தீவிலிருந்து வாங்கிவந்ததைச் சோளகக் காற்றில் இன்னும் ஒருநாள் காயப்போட்டோம். சந்தையில் நன்றாகக் காய்ந்ததாகத் தெரிகிற கருவாட்டின் முதுகெலும்போரம் ஈரம் இருக்கும். விரலால் அழுத்தினால் சதை உள்ளே போய் மெல்ல எழும்பி வரும். அப்படி எழும்பினால் காயவில்லை என்று அர்த்தம். டவுனில் காற்றை உறிஞ்சி அடைத்துத் தரும் கடை ஒன்று இருக்கிறது, எங்கள் ஊரில் வெக்கூம் பண்ணுவது என்போம். முதல் முறை ஆறு பொதியும் கல்லுப்போல இறுகி வந்தன. அடுத்தநாள் காலையில் இரண்டு பொதி தளர்ந்து, பையைப் பிடித்தால் காற்று அசைந்தது. செட்டைமுள்ளும் வால்முள்ளும் பொலித்தீனைக் குத்திவிட்டன. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைதான், ஆனால் மூக்குக்குத் தெரியும். திரும்ப அவிழ்த்து, செட்டையையும் வாலையும் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கடதாசியில் சுற்றிப் பிறகு அடைத்தோம். அதனால் இதைக் கடைசிநாளில் செய்யக்கூடாது. மூன்று நாளுக்கு முன்பே அடைத்து, இரண்டு இரவு அலுமாரியில் வைத்துப் பார்க்கவேண்டும். தளராத பொதிதான் பெட்டிக்குப் போகும்.

தேனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நெடுங்கேணிப் பக்கம் காட்டில் எடுத்த தேன் என்று ஒருவர் கொண்டுவந்து தந்தார். நல்ல தேன்தான். ஆனால் முற்றாத அடையிலிருந்து பிழிந்தால் நீர்ப்பதம் கூடுதலாக இருக்கும், அது புளிக்கத் தொடங்கிக் காற்று விடும். போத்தலை இரண்டுநாள் அசையாமல் வைத்து, மூடியை மெதுவாகத் திறந்து பார்த்தால் தெரியும். மேலே வெள்ளை நுரை திரும்பத் திரும்ப வந்து, திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் கேட்டால் அந்தப் போத்தல் விமான நிலையத்துக்குப் போகிற வானில் எட்டு மணித்தியாலச் சூட்டைத் தாங்காது. வந்த நாலு போத்தலில் ஒன்று அப்படி இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டோம். நல்லெண்ணெயைப் பிளாஸ்ரிக் போத்தலில் கழுத்துவரை விட்டு, போத்தலைக் கொஞ்சம் அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினோம். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்காகக் குறையும். போத்தலுக்குள் மிஞ்சிய காற்று விரிந்து எண்ணெயை மூடியிடுக்கால் தள்ளும். அமுக்கி மூடினால் விரிவதற்கு இடம் இருக்கும். மூடிக்குக் கீழே ஒரு பொலித்தீன் துண்டு, மேலே ரேப், பிறகு இரண்டு பைக்குள். தேன், எண்ணெய், ஊறுகாய் எல்லாம் கீழே போகிற பெட்டிக்குத்தான். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலை எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள், ஊறுகாயும் அவர்கள் கணக்கில் திரவம்தான்.

இனிப் பார்சல்கள். இதுதான் எனக்கு நித்திரை கெட்ட விஷயம்.

ஒன்பது வீட்டுப் பார்சலும் ஒரே மாதிரித்தான் வந்தன. உள்ளே என்னவென்று தெரியாது. மண்ணிறச் செலோரேப்பை இடைவெளி தெரியாமல் சுற்றி, மேலே மார்க்கரால் பெயரும் போன் இலக்கமும். திறக்கவே கூடாது என்ற எண்ணத்தோடு சுற்றியது போலிருக்கும். உண்மையில் அவர்கள் எறும்பு போகாமல் இருக்கத்தான் சுற்றுகிறார்கள். ஆனால் விமான நிலையத்தில் "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, யாராவது ஏதாவது தந்தார்களா" என்று கேட்பார்கள். அதற்கு ஓம் என்றும் இல்லை என்றும் சொல்லமுடியாத நிலையில் நான் நிற்க விரும்பவில்லை. உள்ளே இருப்பதற்கு அந்தத் தருணத்திலிருந்து நான்தான் பொறுப்பு, தந்தவர் அல்ல.

ஆகவே எல்லோருக்கும் ஒரே விதி வைத்தேன். சாமானைக் கட்டாமல் கொண்டுவாங்கோ, எங்கள் வீட்டு மேசையில் வைத்து நானே கட்டுகிறேன். ஏற்கனவே கட்டியவற்றைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் முன்னாலேயே திறந்தேன். தனியாகத் திறந்தால் சந்தேகப்படுகிறான் என்று ஆகிவிடும். முன்னால் திறந்தால் கூடியிருந்து அடுக்கியது போல ஆகும். மனைவி கையில் ஒரு தேத்தண்ணியோடு இதைச் செய்தார், நான் கொப்பியில் எழுதினேன். ஒருவர்கூடக் கோவிக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள், ஒருவர் பார்சலில் முக்கால்வாசி பழைய கடதாசியாக இருந்தது.

ஒன்றில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ இறைச்சி வத்தல் இருந்தது. தந்தவர் பெரியவர், "காய்ஞ்சதுதானே தம்பி, என்ன பிரச்சினை" என்றார். நான் என் மகனின் மேல் சத்தியம் பண்ணுவது போல விளங்கப்படுத்தவேண்டி வந்தது. எனக்கு மகனே இல்லை. பக்கத்து வளவு ஆச்சியின் பார்சலில் வேப்பம்பூ வடகம், புழுக்கொடியல், மடித்த ஒரு கடிதம், ஒரு கிலோ நெய்ப் போத்தல். ஆச்சி தன் இரண்டு பசுக்களின் பாலிலிருந்து எடுத்து உருக்கிய நெய். முருங்கையிலை ஒரு கொத்துப் போட்டுக் காய்ச்சியதன் வாசம் மூடியைத் திறக்காமலே வந்தது. கடிதத்தை அப்படியே திரும்ப மடித்து வைத்தேன். நெய்யைப் பற்றிச் சொன்னேன். ஆச்சி கொஞ்சநேரம் போத்தலைப் பார்த்தார். "அப்ப அதை நீங்களே வைச்சிருங்கோ. பிள்ளைக்குச் சோத்தில விட்டுக் குடுங்கோ" என்றார்.

இறைச்சியும் நெய்யும் போனதோடு இரண்டரைக் கிலோ குறைந்தது. 53 கிலோவுக்குள் கணக்கு வந்துவிட்டது. திருவலையும் தப்பியது. அதன் பல் இரும்பு என்பதால் கீழே போகிற பெட்டிக்குள்தான் வைக்கலாம், பல்லுக்கு ஒரு பழைய சப்பாத்தை மாட்டிவிட்டோம்.

கைப்பையில் போனவற்றில் ஒன்றைத்தான் சொல்லத் தோன்றுகிறது, அம்மாவின் மருந்து. அம்மாவுக்குப் பிரஷரும் சீனியும். ஆஸ்பத்திரி கிளினிக்கில் குளிசையைக் கடதாசிச் சரையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று பேனையால் எழுதித் தருவார்கள். வீட்டில் அது போதும். வேறு நாட்டில், பெயரில்லாத வெள்ளைக் குளிசை அறுபது கொண்ட ஒரு சரையை ஒருவரிடம் காட்டி என்ன சொல்வது? பாமசியில் அதே மருந்தை அட்டையோடு வாங்கினோம். வைத்தியரிடம் மருந்தின் பொதுப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய துண்டு வாங்கி, கிளினிக் கொப்பியின் பிரதியோடு வைத்தோம். இன்சுலினைக் கீழே போடக்கூடாது, அங்கே குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். கைப்பையில் கொண்டுபோக 100 மில்லிலீற்றர் விதி மருந்துக்கு இல்லை, துண்டைக் காட்டினால் போதும். கடவுச்சீட்டுகளும், அண்ணா மெரியில், அதாவது அங்கத்தைய நகரசபையில், எடுத்து அனுப்பிய 'அட்டெஸ்டாசியோன் தக்கேய்' என்ற அழைப்புப் பத்திரத்தின் மூலப்பிரதியும், காப்புறுதிக் கடிதமும் அதே பைக்குள். பவர் பாங்க் கைப்பையில்தான், கீழே போடவே கூடாது.

தராசுக்கு வருவோம். டவுனில் பிடித்துத் தூக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். அதை நம்பலாமா என்று தெரியவில்லை. நிறுக்கத் தெரிந்த பாரம் ஒன்று வேண்டும். தண்ணீரைவிட வேறென்ன? ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஐந்து லீற்றர்ப் போத்தல் நாலு முட்ட நிரப்பி ஒரு பைக்குள் வைத்துத் தூக்கினேன். போத்தல்களோடும் பையோடும் இருபதரை வரவேண்டும். 19.7 என்று காட்டியது. அதாவது நூற்றுக்கு நாலு குறைவாகக் காட்டுகிறது. அந்தத் தராசில் 30 என்று வந்தால் உண்மையில் 31 தாண்டியிருக்கும். அதன் பிறகு எல்லாப் பெட்டியையும் நெல் மில் தராசுக்குக் கொண்டுபோனோம். நெல் மூட்டை நிறுக்கிற இடத்தில் சூட்கேசோடு போய் நிற்க அங்கே நின்றவர்களுக்கு நல்ல பம்பல். மூன்று சூட்கேசும் 28.5, 28.5, 27.5. கார்ட்போட் பெட்டி 31.5. எந்த ஒரு பொதியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் காசு கட்டினாலும் எடுக்கமாட்டார்கள், ஏனென்றால் அதைத் தூக்குபவரின் முதுகுக்கான எல்லை அது. நாங்கள் தாண்டவில்லை. மொத்தம் 116. 120க்குள் நாலு கிலோ மிச்சம். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

இரவு எட்டுக்கு வான் வெளிக்கிட்டது. வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று விடியற்காலை கட்டுநாயக்கா. கவுண்டரில் மூன்று சூட்கேசும் போயின. நாலாவது பெட்டியைப் போட்டதும் அங்கிருந்த பிள்ளை, "இது ஒன்றரைக் கிலோ கூட" என்றார். நான் கொப்பியைக் காட்டி, நாலு பேரும் ஒரே குடும்பம், மொத்தம் 116 என்றேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் மூவரின் ரிக்கெற்றும் ஒரு முன்பதிவு இலக்கத்தில். அம்மாவின் ரிக்கெற்றை அண்ணா பாரிசிலிருந்து தன் கார்டில் தனியாக எடுத்தவர், அது வேறு இலக்கம். ஒரே இலக்கத்தில் இருப்பவர்களின் கிலோவைத்தான் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்களாம். எங்கள் பக்கத்தில் ஐந்தரைக் கிலோ வெறுமையாகக் கிடக்கிறது. ஆனால் அம்மாவின் பெயரில் போன பெட்டிக்கு அதில் ஒரு கிராமும் உரிமையில்லை.

பாரமான சாமான் முழுவதையும் பாரமில்லாத கார்ட்போட் பெட்டியில் போட்டது என் கெட்டித்தனம். அதுதான் இப்போது அம்மாவின் பெயரில் நின்றது. வரிசையில் இருந்து விலகி, நிலத்தில் குந்தி, நான் அவ்வளவு பத்திரமாக ஒட்டிய ரேப்பைத் திறப்புக் கோர்வையால் கிழித்தேன். மேலே இருந்தது தூள். ஒரு கிலோப் பொதி இரண்டு வெளியே வந்தன. வறுத்த மல்லியும் சீரகமும் மிளகாயும் மண்டபம் முழுக்க மணத்தது. பின்னால் நின்ற ஒரு ஐயா, "எந்த ஊர் தூள் தம்பி?" என்று கேட்டார். கிளிநொச்சி என்றேன். "வாசத்திலேயே தெரியுது" என்றார். அந்த இரண்டு பொதியும் மகளின் கைப்பைக்குள், அவளுடைய வர்ணப் பென்சில்களுக்குப் பக்கத்தில் பாரிஸ் போயின. வெட்டிய பெட்டிக்கு ஒட்ட ரேப் இல்லை. ரேப்பை நான் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

இரண்டு இலக்கத்தில் ரிக்கெற் இருந்தால், முன்பே கேட்டு இணைக்க முடியுமா என்று பார்க்கவேண்டும். முடியாவிட்டால், அந்த ஆளின் பெட்டியை அவருடைய 30க்குள் தனியாகவே அடைக்கவேண்டும். மொத்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். இதை நான் அங்கே குந்தியிருந்தபோதுதான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

பாரிசில் இறங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொருவராக அண்ணா வீட்டுக்கு வந்து தங்கள் பார்சலை எடுத்துக்கொண்டு போனார்கள். வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் பலருக்கு நேரம். ஆச்சியின் மகன் கடைசியாக வந்தார், ஐம்பது வயதிருக்கும், ஒரு உணவகத்தின் சமையலறையிலிருந்து நேரே வந்திருந்தார். கதவடியிலேயே நின்று பொதியைப் பிரித்தார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். வடகத்தை மூக்கருகில் பிடித்தார். பிறகு பைக்குள் திரும்பவும் ஒருமுறை கையை விட்டுத் துழாவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா நெய் தந்துவிடேல்லையோ?"